ஸ்டுடியோ மைக்கைப் போனில் சொருகினால் ஏன் பேசுவதில்லை

“எக்ஸ்எல்ஆர் பிளக் உள்ள கண்டன்சர் மைக் ஒன்று வாங்கினேன். எக்ஸ்எல்ஆரிலிருந்து 3.5 மி.மீ.க்கு வரும் வயரை வைத்துப் போனில் சொருகினேன். பதிவு ஆகிறது, ஆனால் தூரத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது. மைக் பழுதா, வயர் பழுதா? பவர் வரவில்லை என்கிறார்கள். போனில்தான் சார்ஜ் இருக்கிறதே?”

மைக்கும் பழுதில்லை, வயரும் பழுதில்லை என்றுதான் முதலில் நினைக்கிறேன். நீங்கள் கேட்கும் அந்தத் தூரத்துக் குரல் புது மைக் பிடித்ததே அல்ல, போனுக்குள் இருக்கும் மைக் பிடித்தது. சந்தேகம் இருந்தால் ஒரு நிமிட வேலை. பதிவை ஓடவிட்டு, மைக்கின் வலையை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். அப்புறம் போனின் அடிப்பக்கத்தில், சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஓட்டையைச் சுரண்டுங்கள். பதிவைக் கேட்டால் இரண்டாவது சுரண்டல்தான் காதைக் கிழிக்கும். முதலாவது லேசாகக் கேட்டாலும் அது மேசை வழியாகவும் காற்று வழியாகவும் போனுக்குப் போன சத்தம்தான்.

இதைச் செய்து பார்க்காமல் நான் ஒரு வாரம் வீணாக்கியிருக்கிறேன். மைக்கை வாய்க்கு அருகில் வைத்தால் கொஞ்சம் நன்றாக இருப்பது போலத் தோன்றியது. மைக்கைப் பிடித்திருந்த கையிலேயே போனையும் பிடித்திருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

இன்னொரு அடையாளமும் உண்டு. வயர் சொருகியிருக்கும்போதே பதிவைப் போட்டுக் கேட்டால் போனின் ஸ்பீக்கரில் சத்தமே வராது, வயரைக் கழற்றியதும் வரும். இது உங்களுக்கு நடந்து, சுரண்டல் சோதனையும் போனின் மைக்கையே காட்டினால் போன் அந்த வயரை மைக்காக எடுத்துக்கொள்ளவில்லை, வெறும் ஹெட்போனாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாட்டு போட்டால் அந்தப் பாட்டு வயர் வழியாக உங்கள் மைக்கின் வாலுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஏன் அப்படி? வயரின் போன் பக்கத்து பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். உலோகத் தண்டில் கறுப்பு வளையங்கள் எத்தனை? இரண்டு என்றால் அது மூன்று தொடர்பு உள்ள பிளக், மூன்று என்றால் நான்கு தொடர்பு உள்ளது. போனின் ஹெட்போன் ஓட்டை நான்கு தொடர்புக்காகச் செய்யப்பட்டது. இன்று பெரும்பாலான போன்களில் இருக்கும் ஏற்பாட்டில் நுனி இடது காது, அடுத்தது வலது காது, அதற்கடுத்தது எர்த், கடைசியில் பிடிக்குப் பக்கத்தில் இருப்பது மைக். மூன்று தொடர்பு பிளக்கில் கடைசி இரண்டும் பிரியாமல் ஒரே நீண்ட உலோகமாக இருக்கும். அதைச் சொருகினால் மைக் தொடர்பும் எர்த்தும் ஒன்றாக முட்டிக்கொள்கின்றன. போன் அதைப் பார்த்துவிட்டு, மைக் இல்லாத ஹெட்போன் வந்திருக்கிறது என்று முடிவு செய்து, பதிவுக்குத் தன் சொந்த மைக்கையே திறந்து வைக்கிறது. போன் மேல் தப்பில்லை. மைக்கோடு பெட்டியில் வரும் வயர்கள் பெரும்பாலும் இந்த மூன்று தொடர்பு வகைதான். அவை கணினியின் தனி மைக் ஓட்டைக்காகச் செய்யப்பட்டவை.

சரி, நான்கு தொடர்புள்ள வயர் வாங்கினால் தீர்ந்துவிடுமா? பாதிதான் தீரும். இப்போது மைக்கின் சிக்னல் போனின் மைக் கம்பிக்குச் சரியாகப் போய்ச் சேரும், ஆனால் போய்ச் சேர சிக்னல் வேண்டுமே. உங்கள் மைக் இன்னும் உயிர் பெறவில்லை. பவர் கதை இங்கேதான் வருகிறது.

கண்டன்சர் மைக்கின் வலைக்குள் பொன் பூசிய மெல்லிய தகடு ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால், முடியளவு இடைவெளி விட்டு, துளையிட்ட இன்னொரு தகடு. இரண்டும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர். குரல் பட்டு முன்தகடு அசையும்போது இடைவெளி மாறுகிறது, தகட்டில் மின்னூட்டம் இருந்தால் அந்த அசைவு வோல்ட் மாற்றமாக வெளிப்படுகிறது. ஆக, முதல் தேவை தகட்டுக்கு மின்னூட்டம். பெரிய ஸ்டுடியோ மைக்குகளில் அது வெளியே இருந்து வரும் பவரிலிருந்துதான் கிடைக்கிறது. எலெக்ட்ரெட் வகையில் மின்னூட்டத்தைத் தகட்டிலேயே நிரந்தரமாக ஏற்றி வைத்திருப்பார்கள், அதனால் இந்த ஒரு தேவை அங்கே இல்லை.

இரண்டாவது தேவையிலிருந்து எந்தக் கண்டன்சரும் தப்ப முடியாது. அந்தத் தகடு ஜோடியின் கெப்பாசிட்டன்ஸ் மிகச் சிறியது, 60 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அதன் மின்மறுப்பு ஏறத்தாழ 2 கோடியே 65 லட்சம் ஓம் வருகிறது. இவ்வளவு மெலிந்த மூலத்தை ஒரு மீட்டர் வயரில் கொண்டுபோனால்கூட வயரே அதை விழுங்கிவிடும். அதனால் தகட்டுக்கு ஒட்டினாற்போல, மைக்கின் உடம்புக்குள்ளேயே, எஃப்இடி என்ற டிரான்சிஸ்டர் கொண்ட சின்ன சர்க்யூட் ஒன்று வைத்திருப்பார்கள். அது தகட்டிடமிருந்து மின்னோட்டம் எதுவும் உறிஞ்சாமல் வோல்ட்டை மட்டும் படித்து, வயரில் ஓடக்கூடிய 100, 200 ஓம் அளவு சிக்னலாக மாற்றித் தருகிறது. அந்தச் சர்க்யூட்டுக்குத் தீனி வேண்டும். தீனி இல்லாவிட்டால் தகடு என்ன ஆட்டம் ஆடினாலும் வெளியே எதுவும் வராது. நீங்கள் வயரைச் சொருகியும் மைக் ஊமையாக இருப்பது இதனால்தான்.

இந்தத் தீனி வரும் வழி கொஞ்சம் வேடிக்கையானது. எக்ஸ்எல்ஆர் பிளக்கில் மூன்று கால்கள்தான். 1 எர்த், 2 சிக்னல், 3 அதே சிக்னல் தலைகீழாக. பவருக்கென்று தனிக் கால் கிடையாது. மிக்ஸரோ, மைக்கின் சிக்னலை யூஎஸ்பிக்கு மாற்றித் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸோ 48 வோல்ட்டை எடுத்து, 6.8 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக 2ஆம் காலுக்கும், அதே அளவு இன்னொரு ரெசிஸ்டர் வழியாக 3ஆம் காலுக்கும் கொடுக்கிறது. மைக் அதை இரண்டு கால்களிலிருந்தும் சமமாக எடுத்துக்கொண்டு 1ஆம் கால் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. 2க்கும் 3க்கும் நடுவே மீட்டர் வைத்தால் பூஜ்யம்தான் காட்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. சிக்னல் அந்த இரண்டின் வித்தியாசமாகப் போவதால் 48 வோல்ட் அதன் கண்ணில் படுவதே இல்லை. இருந்தும் இல்லாத மாதிரி இருப்பதால்தான் ஃபாண்டம் பவர் என்று பெயர்.

48 ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கிளைக்கதை. 1966ல் நார்வே வானொலிக்காக நாய்மன் நிறுவனம் மைக் செய்தபோது, அங்கே ஸ்டுடியோவில் துணை விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதையே மைக்குக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள், அந்த எண் அப்படியே நின்றுவிட்டது. விளக்குக்குப் போட்ட வோல்ட்டைத்தான் இன்றைக்கும் மைக்கில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது போனின் பக்கம் வருவோம். ஹெட்போன் ஓட்டையின் மைக் தொடர்பில் பவர் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஹெட்செட்டில் இருக்கும் கடுகளவு எலெக்ட்ரெட் மைக்குக்காகப் போன் கொஞ்சம் கொடுக்கத்தான் செய்கிறது. ஆண்ட்ராய்டின் ஹெட்செட் விதிமுறைப்படி அது 1.8 முதல் 2.9 வோல்ட் வரை, அதுவும் 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக. தாராளமாகவே 2.7 வோல்ட் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். அந்தத் தொடர்பை நேரே எர்த்தோடு முட்ட வைத்தாலே 1.2 மில்லிஆம்பியருக்கு மேல் வராது. அதிலிருந்து கறக்க முடிகிற அதிகபட்ச சக்தி 0.83 மில்லிவாட்.

உங்கள் மைக் எவ்வளவு கேட்கும்? விவரத் தாளில் மின்னோட்டம் என்ற வரியில் 3 மில்லிஆம்பியர் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண அளவுதான். இரண்டு 6.8 கிலோஓம் ரெசிஸ்டர்களும் இணையாக இருப்பதால் அவை 3.4 கிலோஓமுக்குச் சமம். 3 மில்லிஆம்பியர் அதில் ஓடினால் 10.2 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும், மைக்குக்கு 37.8 வோல்ட் போய்ச் சேரும். 37.8ஐ 3 மில்லிஆம்பியரால் பெருக்கினால் சுமார் 113 மில்லிவாட். ஒரு பக்கம் 0.83, மறுபக்கம் 113. நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, அதுதான் இது.

போனில் சார்ஜ் இருக்கிறதே என்ற உங்கள் கேள்விக்குப் பதிலும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. போனின் பேட்டரிக்கு 113 மில்லிவாட் ஒரு பொருட்டே இல்லை, திரை வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு தின்கிறது. பேட்டரியிலிருந்து அந்தச் சின்ன ஓட்டை வரைக்கும் அந்தச் சக்தி வர வழியில்லை என்பதுதான் சிக்கல். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாய் ஊசி முனையளவு என்றால் குளிக்க முடியாது. அதோடு 4 வோல்ட் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் வர வேண்டுமென்றால் நடுவில் வோல்ட்டை ஏற்றும் சர்க்யூட் ஒன்று வேண்டும். வெறும் வயருக்குள் செம்பைத் தவிர எதுவுமில்லை, அது எதையும் ஏற்றாது.

டைப்-சியிலிருந்து 3.5 மி.மீ.க்கு மாற்றும் குட்டி அடாப்டரை நடுவில் வைத்தால் சரியாகுமா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. அதன் ஓட்டையில் கிடைப்பதும் அதே ஹெட்செட் பவர்தான்.

விலை குறைந்த சில மைக்குகள் இதே மாதிரி வயரில் கணினியில் வேலை செய்வதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அவை பார்ப்பதற்கு ஸ்டுடியோ மைக் மாதிரி, எக்ஸ்எல்ஆர் பிளக்கும் இருக்கும், உள்ளே இருப்பது சின்ன எலெக்ட்ரெட். கணினி சவுண்ட் கார்டு கொடுக்கும் சில வோல்ட்டிலேயே அவை ஏதோ முனகும், 48 வோல்ட் கொடுத்தால் இன்னும் நன்றாகப் பேசும். போனின் 2 வோல்ட்டில் ஒன்று கேட்கவே கேட்காது, இல்லாவிட்டால் இரைச்சலோடு மெலிந்து கேட்கும். கொஞ்சம் உரக்கப் பேசினால் குரல் கரகரக்கும், ஏனென்றால் சர்க்யூட்டுக்கு அசைய இடமில்லை.

தப்பான வயரால் வேறொரு வேடிக்கையும் நடக்கும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். போன் தன் மைக் தொடர்பில் மின்தடையை அளந்துதான் ஹெட்செட் பட்டனை அழுத்தினார்களா என்று தெரிந்துகொள்கிறது. ஆயிரம் ஓமுக்கு மேல் இருந்தால் மைக். 70 ஓமுக்குள் இருந்தால் பிளே பட்டன். 210 முதல் 290 வரை ஒலியைக் கூட்டும் பட்டன், 360 முதல் 680 வரை குறைக்கும் பட்டன். காந்தமும் சுருளும் கொண்ட டைனமிக் மைக்கில் அந்தச் சுருள் ஒரு சில நூறு ஓம்தான் இருக்கும். அதை நேரே சொருகினால் போன் அதை அழுத்திப் பிடித்த பட்டன் என்று நினைத்து, ஒலி அளவைத் தானாக ஏற்றும், அல்லது குறைக்கும், அல்லது எதையுமே செய்யாமல் மைக்கைக் கண்டுகொள்ளாமல் விடும். போனில் பேய் புகுந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இனி என்ன செய்வது? என் சிபாரிசு ஒன்றுதான். ஹெட்போன் ஓட்டையை மறந்துவிட்டு சார்ஜர் ஓட்டை வழியாகப் போங்கள். எக்ஸ்எல்ஆர் ஓட்டையும் 48 வோல்ட் பட்டனும் உள்ள சின்ன யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று போதும். யூஎஸ்பியில் போன் 5 வோல்ட் தருகிறது, நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் வரை எடுக்கலாம். இன்டர்ஃபேஸ் அந்த 5 வோல்ட்டைத் தன் உள்ளே 48 ஆக ஏற்றிக்கொள்ளும். நம் மைக்குக்கு வேண்டியது 48 வோல்ட்டில் 3 மில்லிஆம்பியர், அதாவது 144 மில்லிவாட். மாற்றும்போது வீணாவதைச் சேர்த்து 200 என்று வைத்தாலும் 5 வோல்ட்டில் 40 மில்லிஆம்பியர்தான். இன்டர்ஃபேஸின் மற்ற சிப்புகள் தின்பதுதான் அதைவிட அதிகம்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். தனி டிரைவர் இல்லாமல் வேலை செய்யும் வகையாக இருக்க வேண்டும், கிளாஸ் கம்ப்ளயன்ட் என்று விவரத்தில் போட்டிருப்பார்கள். டிரைவர் கேட்கும் வகை கணினியில் ஓடும், போனில் ஓடாது. இரண்டாவது, வெளி பவருக்குத் தனி ஓட்டை இருந்தால் நல்லது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

சொருகும் வரிசை இப்படி. போனில் வெளிக் கருவிகளைச் சொருக அனுமதிக்கும் ஓடிஜி என்று ஒரு அமைப்பு இருந்தால் அதை முதலில் போடுங்கள், சில போன்கள் இதைக் கேட்கும், பல போன்கள் கேட்காது. இன்டர்ஃபேஸைப் போனில் சொருகுங்கள், விளக்கு எரிய வேண்டும். சிக்னலைப் பெருக்கும் கெயின் திருகை முழுக்கக் குறைத்து வைத்துக்கொண்டு மைக்கை எக்ஸ்எல்ஆர் வயரால் இணையுங்கள். பிறகுதான் 48 வோல்ட் பட்டன். ஹெட்போன் காதில் இருந்தால் பட்டனை அழுத்தும்போது பட்டென்று ஒரு அடி விழும், அதனால் அப்போது கழற்றி வைப்பது காதுக்கு மரியாதை. சில விநாடி விட்டு, பேசிக்கொண்டே கெயினை ஏற்றுங்கள். மைக்கைக் கழற்றும்போது தலைகீழ் வரிசை, 48ஐ அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துக் கழற்றுங்கள்.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழும் ஒரு பள்ளம் உண்டு. இன்டர்ஃபேஸின் முன்பக்கத்து ஓட்டை பெரும்பாலும் இரட்டை வகை. சுற்றிலும் எக்ஸ்எல்ஆருக்கான மூன்று துளை, நடுவில் கிடாருக்கான 6.35 மி.மீ. ஓட்டை. ஃபாண்டம் பவர் அந்த மூன்று துளையில் மட்டும்தான் வரும், நடு ஓட்டையில் வராது. கையில் இருக்கும் எக்ஸ்எல்ஆர்-6.35 வயரையோ, பழைய 3.5 வயரோடு ஒரு அடாப்டரையோ போட்டு நடு ஓட்டையில் சொருகினால் பட்டன் எரியும், மைக் மட்டும் முன்போலவே ஊமையாக இருக்கும். இரு பக்கமும் எக்ஸ்எல்ஆர் உள்ள, உள்ளே மூன்று கம்பி ஓடும் வயர்தான் வேண்டும். உங்கள் மைக்கோடு வந்த வயரை எடுத்து ஓரமாக வையுங்கள், இந்த வேலைக்கு அது உதவாது.

பவர் வருகிறதா என்று சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டர் இருக்கும் யாரும் பார்த்துவிடலாம். எக்ஸ்எல்ஆர் வயரை இன்டர்ஃபேஸில் சொருகி, மைக் பக்கத்து முனையைக் காலியாக விட்டு, 48ஐப் போடுங்கள். அந்த முனையில் துளைகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று பொடி எழுத்தில் இருக்கும். டிசி வோல்ட்டில் வைத்து 1க்கும் 2க்கும் நடுவே பாருங்கள், 44க்கும் 52க்கும் இடையில் காட்ட வேண்டும். 1க்கும் 3க்கும் நடுவே அதே அளவு. 2க்கும் 3க்கும் நடுவே பூஜ்யம் அல்லது அதற்கு மிக அருகில். 1-2ல் வந்து 1-3ல் வரவில்லை என்றால் வயரில் ஒரு கம்பி அறுந்திருக்கிறது.

வோல்ட் சரியாக இருந்தும் மைக் மெலிந்து கேட்டால், சுமை வந்ததும் பவர் படுத்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டரை மில்லிஆம்பியருக்கு மாற்றி 1க்கும் 2க்கும் நடுவே வையுங்கள். இது ஷார்ட் செய்வது போலத்தான், ஆனால் நடுவில் 6.8 கிலோஓம் இருப்பதால் ஒன்றும் ஆகாது. 48ஐ 6800ஆல் வகுத்தால் வருவது 7 மில்லிஆம்பியர், மீட்டரும் அதையொட்டிக் காட்ட வேண்டும். 2 அல்லது 3தான் காட்டுகிறது என்றால் அந்த 48 வோல்ட் பெயருக்குத்தான், உள்ளே இருக்கும் சர்க்யூட்டில் வலுவில்லை. பார்த்து முடித்ததும் மீட்டரை மறுபடி வோல்ட்டுக்கு மாற்றிவிடுங்கள், நான் மாற்ற மறந்து மீட்டரின் ஃபியூஸை ஒருமுறை ஊதியிருக்கிறேன்.

வெளி பவர் பற்றிச் சொல்கிறேன் என்றேன். போன்கள் யூஎஸ்பியில் எவ்வளவு தரும் என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. லைட்னிங் ஓட்டை உள்ள ஐபோன்கள் இதில் ரொம்பக் கஞ்சம், இன்டர்ஃபேஸை நேரே சொருகினால் அதிகப் பவர் கேட்கிறது என்று திரையில் மறுத்துவிடும். ஆண்ட்ராய்டில் அப்படிச் சொல்லாமலேகூட நடக்கலாம். இன்டர்ஃபேஸ் எரிகிறது, 48ஐ அழுத்தியதும் அணைந்து மறுபடி எரிகிறது, அல்லது பதிவு பாதியில் அறுகிறது. இப்படி நடந்தால் பவர் போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இன்டர்ஃபேஸின் தனி பவர் ஓட்டையில் ஒரு பவர் பேங்க்கைச் சொருகினால் பிரச்சினை முடிந்தது. தனி ஓட்டை இல்லாத வகை என்றால், சார்ஜர் சொருகும் இடமும் யூஎஸ்பி ஓட்டையும் சேர்ந்த அடாப்டரை நடுவில் வைக்க வேண்டும். மலிவான சார்ஜர் ஊம் என்ற இரைச்சலைச் சேர்க்கும், அதனால் பதிவு நேரத்தில் பவர் பேங்க்தான் எனக்குப் பிடித்தது.

எல்லாம் சரியாக இருந்தும் குரல் இன்னும் தூரத்திலேயே இருந்தால், பதிவு செய்யும் செயலியைப் பாருங்கள். சில கேமரா செயலிகள் யூஎஸ்பி மைக்கைக் கண்டுகொள்ளாமல் போனின் மைக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். மைக்கைத் தேர்ந்தெடுக்க வழி தரும் வேறு செயலியில் போட்டு, மறுபடி அந்த நகச் சுரண்டலைச் செய்யுங்கள். இந்த முறை வலையைச் சுரண்டுவதுதான் காதைக் கிழிக்க வேண்டும்.

இன்டர்ஃபேஸ் வேண்டாம், ஹெட்போன் ஓட்டையிலேயே முடிக்க வேண்டும் என்றால் வழி இல்லாமல் இல்லை. ஃபாண்டம் பவர் பெட்டி என்று தனியாகக் கிடைக்கிறது. மைக் அதற்குள் போகும், அது மைக்குக்கு 48 வோல்ட் கொடுத்து, சிக்னலை மட்டும் வெளியே விடும். அங்கிருந்து நான்கு தொடர்பு பிளக் உள்ள வயரில் போனுக்கு. கண்டன்சர் மைக்கின் சிக்னல் ஹெட்செட் மைக்கைவிடச் சற்று உரமானது, அதனால் அளவு போதாமல் போகாது. கிட்டத்தில் பேசினால் உடைந்து கேட்கும் அபாயம்தான் அதிகம், அதைக் குறைக்க கெயின் திருகும் இருக்காது. போனில் சொருகும் முன் பெட்டியின் வெளிமுனையில் 1க்கும் 2க்கும், 1க்கும் 3க்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். அங்கே டிசி வோல்ட் எதுவும் நிற்கக் கூடாது. 48 காட்டினால் போனை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், 3 வோல்ட்டுக்குச் செய்த ஓட்டையில் 48 போனால் மைக் சர்க்யூட் போய்விடும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடி, 48 வோல்ட்டும் கெயின் திருகும் போனுக்கான நான்கு தொடர்பு பிளக்கும் ஒரே பெட்டியில் தரும் சின்ன பிரீஆம்ப்களும் உண்டு. ஹெட்போன் ஓட்டைதான் வேண்டும் என்பவர்களுக்கு அது தேவலை, பேட்டரி செலவு மட்டும் கூடவே வரும்.

ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் யூஎஸ்பி உள்ள வயரைப் பார்த்து ஆசைப்படுவீர்கள். அதற்குள் ஒரு சிப் இருக்கிறது, குரலை டிஜிட்டலாக மாற்றித் தரும், ஆனால் அநேகமாக எதிலும் 48 வோல்ட் கிடையாது. டைனமிக் மைக்குக்கு அது போதும், ஏனென்றால் காந்தமும் சுருளும் தாமே மின்சாரம் செய்துகொள்ளும், யாரிடமும் பவர் கேட்காது. கண்டன்சரோடு போட்டால் இப்போதுள்ள அதே ஊமைதான். அப்புறம், உங்கள் மைக்கின் உடம்பைத் திருகித் திறந்தால் உள்ளே ஏஏ பேட்டரி போடும் இடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில எலெக்ட்ரெட் மைக்குகளில் இருக்கும். இருந்தால் ஒரு பேட்டரியும் நான்கு தொடர்பு வயரும் மட்டும் வாங்கினால் பெரும்பாலும் போதும், நான் மேலே சொன்ன செலவு எதுவும் வேண்டாம்.